ஷிஃப்ட் ஊழியர்களுக்கு எம்எஃப்ஏ: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மைக்ரோசாஃப்ட் என்ட்ராவில் கண்டிஷனல் ஆக்சஸ் கொள்கைகளைப் புதிதாக எழுதுவோரிடம் திரும்பத் திரும்பக் காணும் சில பிழைகளை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

தொழிற்சாலையின் ஐபி முகவரிக்கு விலக்கு அளிப்பது

இன்றும் எனக்கு எரிச்சலூட்டும் தவறு இதுதான். கைப்பேசியை வாயிலிலேயே லாக்கரில் வைத்துவிட்டு உள்ளே செல்ல வேண்டிய ஓர் ஆலையில், புதிய நிர்வாகி ஒருவர் அனைவருக்கும் எம்எஃப்ஏ கட்டாயம் என்ற கொள்கையைப் பிற்பகலில் இயக்கினார். ஏற்கெனவே உள்நுழைந்திருந்த பகல் ஊழியர்களுக்கு உடனே எதுவும் தெரியவில்லை. இரவு பத்து மணிக்குப் புதிதாக உள்நுழைந்த தரப் பரிசோதகர்களால்தான் பொதுக் கணினியில் பதிவுத் தாளைத் திறக்க முடியவில்லை. உள்நுழைவுப் பதிவேட்டில் 50079 என்ற குறியீடு வரிசையாக நின்றது. அவர்கள் எந்தச் சரிபார்ப்பு முறையையும் பதிந்திருக்கவில்லை என்பதே அதன் பொருள்.

மறுநாள் காலையில் அவர் ஆலையின் ஐபியை நம்பகமான இடமாகச் சேர்த்து, அங்கிருந்து வருவோருக்கு எம்எஃப்ஏ வேண்டாம் என்று ஆக்கினார். புகார்கள் நின்றன, ஆபத்து அப்போதுதான் தொடங்கியது. உள்ளே யாரிடமும் எம்எஃப்ஏ கேட்கப்படாததால் யாரும் எதையும் பதியமாட்டார்கள். கடவுச்சொல்லைத் திருடிய ஒருவர் வெளியிலிருந்து நுழைந்தால், சரிபார்ப்பு முறையைப் பதியும்படி அவரிடமே கேட்கப்படும்; அவர் தம்முடைய கைப்பேசியைப் பதிந்துகொண்டு கணக்கைத் தமதாக்கிக்கொள்ளலாம்.

இதற்கு மாற்றாக, ஒவ்வொருவருக்கும் ஒரு ஃபிடோ2 பாதுகாப்புச் சாவியைக் கொடுங்கள். அதற்குக் கைப்பேசி தேவையில்லை. முதல் பதிவுக்கு `Temporary Access Pass` என்ற தற்காலிகக் குறியீட்டை வழங்கி, `Register security information` என்ற செயலுக்கும் எம்எஃப்ஏ கட்டாயம் என ஒரு கொள்கை எழுதுங்கள். அந்தத் தற்காலிகக் குறியீடே அதை நிறைவுசெய்துவிடும், கடவுச்சொல் மட்டும் வைத்திருப்பவரால் எதையும் பதிய முடியாது. ஒருமுறை மட்டும் செல்லும் குறியீடாக இருந்தால், உள்நுழைந்த 10 நிமிடங்களுக்குள் சாவியைப் பதிந்து முடிக்க வேண்டும் என்பதால், ஊழியரை அருகில் அமர்த்திக்கொண்டு செய்வதே நல்லது. நள்ளிரவில் சாவியைத் தொலைத்தவருக்குக் குறியீடு தர, ஷிஃப்ட் மேற்பார்வையாளருக்கு `Authentication Administrator` பொறுப்பை அவருடைய ஆட்கள் அடங்கிய நிர்வாக அலகுக்குள் மட்டும் கொடுக்கலாம்.

பொதுக் கணினியில் விண்டோஸ் ஹலோ

பலர் மாறி மாறிப் பயன்படுத்தும் கணினிக்கு இது பொருந்தாது: ஒரு கணினியில் 10 பேருக்கு மேல் விண்டோஸ் ஹலோவில் பதிய இயலாது.

பகலில் மட்டும் சோதிப்பது

கொள்கையை முதலில், யாரையும் தடுக்காமல் விளைவைப் பதிவு மட்டும் செய்யும் `Report-only` நிலையில் வைத்து, எல்லா ஷிஃப்டுகளும் ஒரு முழுச் சுற்று வந்து முடியும்வரை பதிவேட்டைப் பாருங்கள். சாதன இணக்கம் கேட்கும் கொள்கையானால், இந்த நிலையிலும் ஆண்ட்ராய்டு, ஐஓஎஸ், மேக் சாதனங்களில் சான்றிதழைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் பெட்டி தோன்றக்கூடும். பொது டேப்லெட் வைத்திருப்போர் அத்தளங்களை அதிலிருந்து விலக்கி வைக்க வேண்டும்.

அவசரக் கணக்குகள்

மற்ற நிர்வாகிகள் யாரும் உள்நுழைய முடியாமல் போனால் பயன்படுத்த இத்தகைய கணக்குகள் இரண்டு இருக்கட்டும்; கொள்கைகளிலிருந்து அவற்றை விலக்கினாலும் நிர்வாகத் தளங்கள் எம்எஃப்ஏ கேட்கும் என்பதால், அவற்றுக்கும் சாவி பதியுங்கள்.