வேகம் மூன்று, பயிற்சி மட்டும் ஒன்றா?

2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கின் 100 மீட்டர் இறுதிப் போட்டியில், துப்பாக்கி ஒலி கேட்டு அசைவதற்கு உசைன் போல்ட் எடுத்துக்கொண்ட நேரம் 0.165 விநாடி. எட்டுப் பேரில் அவரைவிடத் தாமதமாகப் புறப்பட்டவர் ஒரே ஒருவர்தான். வெள்ளிப் பதக்கம் வென்ற ரிச்சர்ட் தாம்சன் 0.133 விநாடியிலேயே அசைந்துவிட்டார். ஆனால் பந்தயம் முடிந்தபோது போல்ட்டின் நேரம் 9.69, தாம்சனின் நேரம் 9.89. கோட்டுக்குப் பல மீட்டர் முன்பே போல்ட் கைகளை விரித்துக் கொண்டாடத் தொடங்கியிருந்தார் என்பது தனிக் கதை.

நமது பள்ளி மைதானங்களில் குறுவட்டப் போட்டி நெருங்கும்போது நடப்பதை இதனுடன் ஒப்பிட்டுப் பாருங்கள். பாதி நேரம் விசில் ஊதி ஸ்டார்ட் எடுப்பதிலேயே போகும். மீதி நேரத்தில் 100 மீட்டரை முழுதாக ஓடவிடுவார்கள். நடந்து திரும்பி வந்ததும் மறுபடி ஓடவிடுவார்கள். மாணவன் வியர்த்துக் களைத்துப் போவான். ஸ்டாப்வாட்ச் மட்டும் மாறாது. விசில் கேட்டுக் கிளம்புவது எதிர்வினை. நின்ற நிலையிலிருந்து வேகத்தை ஏற்றுவது முடுக்கம். ஏற்றிய பின் எட்டும் எல்லை உச்ச வேகம். மூன்றும் வெவ்வேறு திறன்கள், மூன்றையும் வளர்க்கும் வழிகளும் வேறு. இவற்றை ஒரே பயிற்சியில் அடைப்பதுதான் முதல் தவறு. மற்ற தவறுகள் பெரும்பாலும் இதிலிருந்தே கிளைக்கின்றன.

ஆகவே பயிற்சியைத் தொடங்குமுன், எந்த மாணவனுக்கு எது குறைவு என்று அளந்து பார்க்க வேண்டும். இரண்டு சோதனைகள் போதும். முதலாவது 30 மீட்டர் ஓட்டம். இதற்கு விசில் வேண்டாம். மாணவன் தானாகப் புறப்படட்டும், அவனுடைய பின்கால் நகர்ந்ததும் ஸ்டாப்வாட்சை அழுத்துங்கள். எதிர்வினை இதில் கலக்காது, முடுக்கம் மட்டும் தெரியும். இரண்டாவது 'ஃபிளையிங் 20'. முப்பது மீட்டர் ஓடி வேகம் ஏற்றிக்கொண்டு வந்து, சுண்ணாம்புக் கோடு போட்ட அடுத்த 20 மீட்டரை முழு வேகத்தில் கடக்க வேண்டும். அந்த 20 மீட்டருக்கு மட்டும் நேரம் எடுங்கள். கையால் எடுக்கும் நேரத்தில் பிழை இருக்கும் என்பதால் ஒவ்வொன்றையும் மூன்று முறை ஓடவிட்டு, நடுவில் வரும் நேரத்தை எழுதிக்கொள்ளுங்கள்.

ஓர் எடுத்துக்காட்டு. ஒரே வகுப்பில் இரண்டு மாணவர்கள். இருவரும் 100 மீட்டரை 13.2 விநாடியில் ஓடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் மாணவன் 30 மீட்டரை 4.5 விநாடியிலும், ஃபிளையிங் 20 மீட்டரை 2.35 விநாடியிலும் கடக்கிறான். இரண்டாமவனுக்கு அவை 4.8, 2.20. முதலாமவன் சீக்கிரம் வேகம் ஏற்றுகிறான், ஆனால் அவனுடைய எல்லை விநாடிக்கு எட்டரை மீட்டரில் நின்றுவிடுகிறது. இரண்டாமவன் ஒன்பது மீட்டரைத் தாண்டுகிறான், ஆனால் அங்கே போய்ச் சேரத் திணறுகிறான். இரண்டாமவன் தன் 30 மீட்டரை 4.6 ஆக்கினாலே, உச்ச வேகம் சற்றும் கூடாமல் அவன் பந்தய நேரம் 13.0 ஆகிவிடும். முதலாமவனுக்கு ஸ்டார்ட் பயிற்சியை எவ்வளவு கூட்டினாலும் பெரிய பலன் இராது; அவனுக்கு வேண்டியது உச்ச வேகம். இருவரையும் ஒரே வரிசையில் நிறுத்தி ஒரே பயிற்சி கொடுத்தால், ஒருவனுடைய நேரம் வீணாகப் போகிறது.

எதிர்வினையைப் பார்ப்போம். ஒலி காதில் விழுவதற்கும் உடல் அசைவதற்கும் இடையிலுள்ள நேரம், நன்றாகப் பழகியவர்களுக்கு 0.13 முதல் 0.17 விநாடி. சர்வதேச விதிப்படி 0.100 விநாடிக்கு முன் அசைந்தால் அது தவறான தொடக்கம். ஒலியைக் கேட்டு அவ்வளவு விரைவில் யாரும் இயங்க முடியாது என்பதே அதன் அடிப்படை. பள்ளி மாணவன் ஒருவன் பயிற்சியால் நூறில் சில பங்கு விநாடியை மிச்சப்படுத்தலாம். அதைக் கையால் இயக்கும் ஸ்டாப்வாட்ச் காட்டக்கூட முடியாது, ஏனென்றால் பொத்தானை அழுத்துபவருக்கும் எதிர்வினை நேரம் உண்டு. இவ்வளவு சிறிய லாபத்துக்குப் பாதிப் பயிற்சியைச் செலவிடுவது கணக்குக்கு ஒத்துவராது.

இங்கே நடக்கும் பெரிய பிழை, 'செட்' சொன்ன பின் எப்போதும் ஒரே இடைவெளியில் விசில் ஊதுவது. மாணவர்கள் புத்திசாலிகள், நான்காவது முறைக்குள் அந்தத் தாளத்தைப் பிடித்துவிடுவார்கள். அதன்பின் அவர்கள் ஒலியைக் கேட்பதில்லை, ஊகிக்கிறார்கள். போட்டியில் ஸ்டார்ட்டர் சற்றே தாமதித்தால் கோட்டைத் தாண்டி விழுகிறார்கள். இடைவெளியை ஒன்று முதல் மூன்று விநாடிவரை மாற்றிக்கொண்டே இருங்கள். சில முறை ஊதாமலேயே 'எழுந்திருங்கள்' என்று சொல்லுங்கள். எப்போதும் விசிலையே பயன்படுத்தாமல் கிளாப்பரையும் பழக்குங்கள். போட்டியில் கேட்கப்போவது அதுவாக இருக்கலாம்.

இதற்குச் சுலபமான பயிற்சிகள் உண்டு. குப்புறப் படுத்து, ஒலி கேட்டதும் எழுந்து 10 மீட்டர் ஓடுவது ஒன்று. ஓடும் திசைக்கு முதுகு காட்டி அமர்ந்து, ஒலி கேட்டதும் திரும்பி ஓடுவது இன்னொன்று. நான்கு மீட்டர் தள்ளி நிற்பவர் தோள் உயரத்திலிருந்து நழுவவிடும் டென்னிஸ் பந்தை, இரண்டாம் முறை தரையில் படுமுன் ஓடிப் பிடிக்கும் பயிற்சியும் நல்லதுதான். ஆனால் அது கண்ணுக்கான பயிற்சி. கபடி, கோ-கோ ஆடுபவர்களுக்கு அதிகம் உதவும். 100 மீட்டர் ஓடுபவனுக்கு ஒலிதான் சமிக்ஞை. எதுவாயினும் ஆறு, எட்டு முறை போதும். வார்ம்-அப் முடிந்ததும் பத்து நிமிடத்தில் முடித்துவிடலாம்.

பள்ளி மாணவர்களுக்கு விரைவாகப் பலன் தருவது முடுக்கம். பெரும்பாலோர் இழக்கும் நேரமும் இங்கேதான் கிடக்கிறது. ஆரம்ப அடிகளில் உடல் முன்சாய்ந்து, கால் தரையைப் பின்னோக்கித் தள்ள வேண்டும். அந்த அடிகளில் பாதம் தரையில் இருக்கும் நேரம் உச்ச வேகத்தில் இருப்பதைவிட ஏறத்தாழ இரு மடங்கு. அந்த நேரத்தை முழுதாகப் பயன்படுத்தித் தள்ளுபவனே வேகம் ஏற்றுகிறான். 'காலை வேகமாகப் போடு, வேகமாகப் போடு' என்று ஓரத்திலிருந்து கத்தும்போது மாணவன் என்ன செய்கிறான்? தள்ளுவதை விட்டுவிட்டு, சிறு சிறு அடிகளாகப் படபடவென்று வைக்கிறான். பார்க்க வேகமாக இருக்கும், முன்னேற்றம் இராது. 'தள்ளு' என்ற ஒற்றைச் சொல் இதைவிட நல்ல கட்டளை.

அடுத்தது, மூன்றாவது அடியிலேயே நிமிர்ந்துவிடுவது. நிமிர்ந்தபின் கால் உடலை முன்னே தள்ளுவதைவிட மேலே தூக்கத்தான் பயன்படும். இதைக் கண்ட சில ஆசிரியர்கள் 'தலையைக் குனி' என்கிறார்கள். மாணவன் கழுத்தை மட்டும் மடக்கி, இடுப்பில் வளைந்து ஓடுகிறான். இது இன்னொரு கோளாறு. பக்கவாட்டில் நின்று பாருங்கள்: காலால் தள்ளி முடிக்கும் கணத்தில் குதிகாலிலிருந்து தலைவரை ஒரே சாய்கோடாக இருக்க வேண்டும். அந்தக் கோடு பதினைந்து, இருபது மீட்டருக்குள் படிப்படியாக நிமிர்வதே சரி.

பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் கால் வலு குறைவாக உள்ளவர்களை முதல் நாளே குனிந்த தொடக்கத்தில் உட்கார வைக்கவும் வேண்டாம். இரண்டாவது அடியில் அவர்கள் தடுமாறுவார்கள். அவர்களுக்கு விழுந்து ஓடும் தொடக்கம் ஏற்றது: ஒரு கால் முன்னே வைத்து நின்று, உடலை நேராக வைத்தபடி முன்னே சாய்ந்து, விழப்போகும் கணத்தில் ஓட வேண்டும். சாய்வு தானாக வந்துவிடும், யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பள்ளிக்கு அருகில் மெல்லிய ஏற்றம் இருந்தால் அதில் 15 அல்லது 20 மீட்டர் ஓடுவது இன்னும் நல்லது. ஏற்றத்தில் தள்ளாமல் ஓட முடியாது. இந்த இரண்டில் ஒன்றை எடுத்துக்கொண்டு 20 மீட்டர் ஆறு முறை ஓடினால் ஒரு நாளைக்குப் போதும்.

ஆனால் இடையே ஓய்வு வேண்டும், பலர் கோட்டைவிடும் இடம் இது. முழு முயற்சியில் ஓடிய ஒவ்வொரு பத்து மீட்டருக்கும் ஏறக்குறைய ஒரு நிமிடம் என்பது பயிற்சியாளர்களிடையே நெடுங்காலமாக இருந்துவரும் கணக்கு. 20 மீட்டருக்கு இரண்டு நிமிடம், 50 மீட்டருக்கு ஐந்து நிமிடம். மூச்சு சீராகிவிட்டது என்பதால் தசை தயாராகிவிட்டது என்று பொருளில்லை. வரிசையில் பத்து மாணவர்கள் நின்றால் இந்த ஓய்வு தானாகவே கிடைத்துவிடும். 'நிற்கிறார்களே' என்று அவர்களை இடையில் தோப்புக்கரணம் போட வைக்காமல் இருந்தால் சரி.

100 மீட்டரைக் குறைந்த ஓய்வில் திரும்பத் திரும்ப ஓடுவதால் உச்ச வேகம் வளராததற்கும் இதுவே காரணம். மூன்றாவது ஓட்டத்திலிருந்து மாணவன் தன் உச்ச வேகத்தைத் தொடுவதே இல்லை. அவன் பழகுவது களைப்பைத் தாங்க. அது 400 மீட்டருக்கு உதவலாம். மேலும் 100 மீட்டரில் யாருமே முழுத் தூரமும் உச்ச வேகத்தில் இருப்பதில்லை. 2009 பெர்லினில் 9.58 விநாடி ஓடிய போல்ட்கூட 60 மீட்டருக்கும் 80 மீட்டருக்கும் இடையில்தான் உச்சத்தில் இருந்தார். அந்த 20 மீட்டருக்கு 1.61 விநாடி. அடுத்த 20 மீட்டரில் அவருக்கும் வேகம் குறைந்தது. பள்ளி மாணவன் 30 முதல் 50 மீட்டருக்குள் உச்சத்தை எட்டி, கொஞ்ச தூரம் தக்கவைத்து, பிறகு சரிகிறான். 'கடைசியில் பையன் வேகம் எடுத்தான்' என்று நாம் சொல்வது பெரும்பாலும் கண்மயக்கம். மற்றவர்கள் அதிகம் தளர்ந்தார்கள், அவன் குறைவாகத் தளர்ந்தான்.

உச்ச வேகத்துக்கான பயிற்சி, சோதனையாகச் சொன்ன அதே ஃபிளையிங் 20 தான். நான்கு முறை, ஒவ்வொன்றுக்கும் இடையே ஐந்து நிமிடம். ஓடும்போது தாடையும் தோளும் இறுகாமல் இருக்க வேண்டும். பல்லைக் கடித்து ஓடுபவன் வேகத்தைக் கூட்டுவதில்லை. இங்கே காதில் விழும் மோசமான அறிவுரை 'காலை எட்டிப் போடு' என்பது. எட்டிப் போட்ட பாதம் உடலுக்கு வெகு முன்னே தரையைத் தொட்டு, ஒவ்வொரு அடியிலும் பிரேக் போடுகிறது. பின்தொடைத் தசைக்கும் அது ஆபத்து. பாதம் இடுப்புக்குச் சற்று முன்னே இறங்கினால் போதும். முழங்கால் முன்னே உயர்ந்து, பாதம் மேலிருந்து கீழாகத் தரையை அடிக்க வேண்டும். கைப்பேசியில் மெதுவோட்டக் காணொளி எடுத்துப் பாதம் எங்கே இறங்குகிறது என்று மாணவனுக்கே காட்டுங்கள், விரைவில் புரிந்துகொள்வான்.

இந்தப் பயிற்சியை எப்போது வைப்பது என்பதிலும் பிழை நடக்கிறது. மைதானத்தைப் பத்துச் சுற்று ஓடவிட்டு, கடைசியில் 'ஒரு ஸ்பிரின்ட் அடித்துவிட்டுப் போ' என்பது பழைய வழக்கம். களைத்த பின்தொடைத் தசை கிழிவதற்கு இதைவிட வசதியான ஏற்பாடு இல்லை. உச்ச வேகப் பயிற்சி வார்ம்-அப்புக்கு அடுத்து, உடல் புத்துணர்வோடு இருக்கும்போதே வர வேண்டும். வாரத்தில் ஒரு நாள் முடுக்கம், ஒரு நாள் உச்ச வேகம், நடுவில் குறைந்தது ஒரு நாள் இடைவெளி என்று வைத்தால் ஒன்பதாம் வகுப்பு மாணவனுக்குச் சரியாக இருக்கும்.

ஃபிளையிங் 20 மீட்டர் 2.20 விநாடியில் ஓடியவன் அடுத்து 2.30 ஓடினால், நேரம் எடுத்ததில் பிழையா என்று பார்க்க இன்னொரு வாய்ப்பு கொடுங்கள். மறுபடியும் அதே நேரம் வந்தால், நான்கு முறை முடியாவிட்டாலும் அன்றைய பயிற்சியை நிறுத்திவிடலாம். தொடையின் பின்புறம் இறுகுகிறது என்று அவன் சொன்னால் அந்தக் கூடுதல் வாய்ப்பும் வேண்டாம்.