பாலைவன மொட்டைமாடி: ஸ்லாபுக்கு அடியில் வெப்பத்தடுப்புப் பலகை ஒட்டாதீர்கள்

நிழலில் 45 டிகிரி, கூரையின் மேற்பரப்பில் 65, அதற்கு மேல் மாதக்கணக்கில் படியும் புழுதி. இந்த நிலத்தில் கூரை போட வரும் புதியவர்கள் எல்லோரும் வெயிலை மட்டும் எதிரியாக நினைத்துக்கொண்டு வருகிறார்கள். கம்பியைச் சரியாகக் கட்டு, சிமென்ட்டைக் குறைக்காதே என்ற பாடங்கள் அவர்களுக்குத் தேவையில்லை. எல்லாம் சரியாகச் செய்தும் மூன்றாம் வருடம் கூரை பிளப்பது ஏன் என்பதுதான் அவர்களுக்குத் தெரிய வேண்டியது.

வெப்பத்தடுப்பை ஸ்லாபுக்கு அடியில் வைப்பது

இத்தனை வருடமாகியும் எரிச்சலூட்டும் தவறு இதுதான். காரணம், இதைச் செய்பவர் கையில் கணக்கு இருக்கும். 15 செ.மீ. ஸ்லாபின் மேற்பரப்பு 65 டிகிரி, அறை 25 டிகிரி என்றால், வெறும் ஸ்லாப் வழியாக ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 150 வாட் வெப்பம் உள்ளே இறங்கும். 75 மி.மீ. எக்ஸ்.பி.எஸ். என்ற கெட்டி நுரைப் பலகை வைத்தால் அது 20 வாட்டுக்குக் கீழே போய்விடும். பலகை ஸ்லாபுக்கு மேலே இருந்தாலும் கீழே இருந்தாலும் கணக்கில் வரும் எண் ஒன்றுதான். அப்புறம் எதற்கு மேலே வைத்து, அதன் மேல் துணி விரித்து, ஓடு பதித்து அல்லாட வேண்டும்? கீழே ஒட்டி ஃபால்ஸ் சீலிங் போட்டு மறைத்துவிட்டால் வேலை முடிந்தது. இப்படித்தான் தொடங்குகிறது.

அந்தக் கணக்கு அறையைப் பற்றியது. ஸ்லாபுக்கு என்ன ஆகிறது என்று அதில் எங்கேயும் இல்லை. வெறும் ஸ்லாபாக இருந்தவரை, வாங்கிய சூட்டில் ஒரு பங்கைக் கீழே குளிர்ந்த அறைக்குள் தள்ளிவிட்டுத் தன்னைக் கொஞ்சம் ஆற்றிக்கொண்டிருந்தது. அடியில் பலகை ஒட்டியதும் அந்த வழியும் அடைபட்டது. இப்போது கான்கிரீட் முன்பைவிட அதிகமாகச் சுடுகிறது. இரவில் மேகமில்லாத வானத்தைப் பார்த்துக்கொண்டே அதே வேகத்தில் குளிர்கிறது.

20 மீட்டர் நீளமுள்ள ஒரு கூரையை எடுத்துக்கொள்வோம். ஸ்லாபின் முழுத் தடிமனுக்கும் சராசரி பார்த்தால் விடியற்காலைக்கும் பிற்பகலுக்கும் 30 டிகிரி வித்தியாசம் வரலாம். கான்கிரீட் ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு, 0.01 மி.மீ. நீளும். 20 × 30 × 0.01, ஆக 6 மி.மீ. நடுப்பகுதி அசையாமல் இருக்கிறது என்று வைத்தால் ஒவ்வொரு முனையும் 3 மி.மீ. வெளியே போய் உள்ளே வருகிறது, தினமும். குளிர்காலத்து விடியலையும் கோடைப் பிற்பகலையும் ஒப்பிட்டால் மொத்த அசைவு 9 மி.மீ.யைத் தொடும். கீழே உள்ள சுவரோ நிழலிலும் ஏ.சி. குளிரிலும் நிற்கிறது, நகராது. மேலே நகர்வது, கீழே நகராதது, நடுவில் ஒரு வரிசைச் சாந்து. எது உடையும் என்பதில் சந்தேகமே வேண்டாம்.

வெடிப்பு விழும் இடத்தை வைத்தே காரணத்தைச் சொல்லிவிடலாம். ஸ்லாப் சுவரின் மேல் உட்காரும் இடத்தில் படுக்கை வாட்டில் கோடு ஓடும். மூலைகளில் அகலமாகவும் சுவரின் நடுவில் மெல்லியதாகவும் இருக்கும். உறுதி செய்ய வேண்டுமானால் வெடிப்புக்கு மேலே ஸ்லாபில் ஒன்று, கீழே சுவரில் சற்றுப் பக்கவாட்டில் தள்ளி ஒன்று என இரண்டு பென்சில் புள்ளி வையுங்கள். விடியும் முன் ஒருமுறை, பிற்பகல் 4 மணிக்கு ஒருமுறை வெர்னியரால் இடைவெளியை அளந்து பாருங்கள். ஒரே நாளில் எண் மாறினால் அது வெப்ப அசைவு. அஸ்திவாரம் இறங்கியதால் வந்த வெடிப்பு காலைக்கும் மாலைக்கும் இப்படி மாறிக்கொண்டிருக்காது. தினமும் மூச்சுவிடும் வெடிப்பில் சிமென்ட் வைத்து அடைத்து வண்ணம் அடித்தால் அடுத்த கோடையில் அதே கோடு திரும்ப வரும். பலர் மூன்று முறை அடைத்த பிறகுதான் மேலே ஏறிப் பார்க்கிறார்கள்.

மேலே பார்த்தால் இன்னொரு பங்கும் காத்திருக்கும். நீர்க்கசிவைத் தடுக்கப் போட்ட பிட்டுமன் ஷீட் வெயிலில் திறந்து கிடக்கிறது. கறுப்பு ஷீட் 80 டிகிரி வரை சுடும். எண்ணெய்ப் பசை வற்றி, விறைத்து, அடியில் ஸ்லாப் இழுக்கும்போது கூடவே நீள முடியாமல் கைப்பிடிச் சுவர் ஓரத்தில் கிழியும்.

ஆகவே வெப்பத்தடுப்பு எல்லாவற்றுக்கும் மேலே வர வேண்டும். கீழிருந்து வரிசை இது: ஸ்லாப், அதன்மேல் வாட்டம் கொடுத்த ஸ்கிரீட், அதன்மேல் நீர்க்கசிவுத் தடுப்பு ஷீட், அதன்மேல் 75 முதல் 100 மி.மீ. எக்ஸ்.பி.எஸ். பலகை, ஜியோடெக்ஸ்டைல் துணி, கடைசியாக 40 மி.மீ. கான்கிரீட் ஓடு. இப்படிப் போட்டால் ஸ்லாப் அறையோடு சேர்ந்துகொள்கிறது. ஒரு நாளில் 5 டிகிரி மாறினாலே அதிகம், அதாவது அந்த 20 மீட்டரில் வெறும் 1 மி.மீ. ஷீட்டும் நிழலுக்குள் வந்துவிடுகிறது.

இதைச் சரியாகத் தெரிந்துகொண்டவர்களும் சறுக்கும் இடங்கள் உண்டு. பலகையை ஒரே அடுக்காகப் போடுங்கள். இரண்டு அடுக்கு போட்டால் நடுவில் தங்கும் நீர் ஆவியாக வழியில்லாமல் பலகைக்குள் ஏறும். சாதாரண தெர்மோகோல் நீரை இழுக்கும், இந்த இடத்துக்கு ஆகாது. பலகையை ஒட்ட வேண்டாம், ஓட்டின் எடையே போதும். பெட்ரோலிய கரைப்பான் கலந்த பசையோ பிரைமரோ பட்டால் எக்ஸ்.பி.எஸ். கரைந்து குழியாகிவிடும். ஓட்டை 3 மீட்டருக்கு 3 மீட்டர் கட்டங்களாகப் பிரித்து, கட்டங்களுக்கு நடுவே 10 மி.மீ., கைப்பிடிச் சுவர் ஓரத்தில் 20 மி.மீ. இடைவெளி விட்டு சீலன்ட்டால் நிரப்புங்கள். இந்த ஓர இடைவெளியை "அசிங்கமாக இருக்கிறது" என்று சாந்து பூசி மூடிவிடும் கொத்தனார்கள் இருக்கிறார்கள். ஓட்டுத் தளம் இப்போது வெயிலில் கிடக்கும் பகுதி, நீளத்தான் செய்யும். இடம் இல்லாவிட்டால் கைப்பிடிச் சுவரைத் தள்ளும். வெடிப்பை ஸ்லாபிலிருந்து எடுத்துச் சுவருக்குக் கொடுத்த கதையாகிவிடும்.

ஏற்கெனவே அடியில் ஒட்டிய கட்டடமென்றால் அதைப் பிய்க்கத் தேவையில்லை, மேலே போட்டுவிடுங்கள். ஆனால் 40 மி.மீ. ஓடு சதுர மீட்டருக்குக் கிட்டத்தட்ட 95 கிலோ. ஸ்லாப் தாங்குமா என்று வடிவமைத்தவர் பார்க்காமல் ஏற்றக் கூடாது. தாங்காது என்றால் 50 மி.மீ. பாலியூரிதேன் ஃபோம் தெளித்து மேலே வெயில் தாங்கும் பூச்சு போடலாம், எடை 5 கிலோவுக்குள் முடியும். காற்று அடிக்கும் நாளில் ஃபோம் தெளித்தால் பாதி பக்கத்து வண்டிகள் மேல் போய் ஒட்டிக்கொள்ளும்.

வெள்ளைப் பூச்சை நம்பிப் பலகையை மெலிய வைப்பது

புதிய வெள்ளைப் பூச்சு வெயிலில் 80 சதவீதத்துக்கு மேல் திருப்பி அனுப்பும். டப்பாவில் அச்சிட்டிருப்பது இந்த எண். புழுதி நிலத்தில் ஒரே ஒரு தூசிப்புயல் போதும், கூரை மண் நிறத்துக்கு வந்துவிடும், எண்ணும் 60 சதவீதத்தை நோக்கி இறங்கும். கழுவ மழை வராது, குழாய் நீரால் மாதாமாதம் கழுவுவதாகச் சொல்பவர்கள் முதல் வருடத்தோடு நிறுத்திவிடுவார்கள். வெள்ளை அடியுங்கள், நல்லதுதான். வெப்பக் கணக்கில் மட்டும் பழைய கூரையின் எண்ணைப் போடுங்கள்.

வாட்டத்தை 1:100 என்று விடுவது

மழை அடிக்கடி பெய்யும் ஊரில் 1:100 சமாளித்துவிடும், ஏனென்றால் ஒவ்வொரு மழையும் கூரையைக் கழுவிவிட்டுப் போகிறது. இங்கே நிலைமை தலைகீழ். கனமான மணல் காற்றில் பெரும்பாலும் தரையை ஒட்டியே துள்ளிப் போகும். மாடி உயரத்துக்கு வருவது முகப்பவுடர் போன்ற நுண்புழுதி. கைப்பிடிச் சுவருக்குப் பின்னால் காற்று அடங்கும் இடத்தில் அது கீழே விழுகிறது. மழைநீர் வாய் வைப்பதும் அதே ஓரத்தில்தான். எட்டு மாதம் கழித்து முதல் மழை கொட்டும்போது அந்தப் புழுதி சேறாகி வாய்க்கு முன்னால் கட்டிக்கொள்கிறது. தேங்கிய சேறு காயும்போது ஓரங்கள் சுருண்டு எழும்பும், அடியில் மெல்லிய பூச்சு இருந்தால் அதையும் உரித்துக்கொண்டு எழும்பும்.

1:50 கொடுங்கள். நடுவில் இறங்கும் குழாயைத் தவிர்த்து, கைப்பிடிச் சுவரிலேயே 20 செ.மீ. அகலம், 10 செ.மீ. உயரத்தில் நேராக வெளியே கொட்டும் வாய் வையுங்கள். கையை விட்டு வழிக்க முடிய வேண்டும், கணக்கு அவ்வளவுதான். கூரைக்குக் குறைந்தது இரண்டு. அதுபோக 5 செ.மீ. மேலே ஒரு உபரி வாய். அதில் தண்ணீர் கொட்டுவதைப் பார்த்தால் கீழ்வாய் அடைத்துவிட்டது என்று அர்த்தம்.

மழைநீர் வாய்க்கு நெருக்கமான வலை கட்டுவது

புழுதி வலைக்குள் புகும், சேறு புகாது. வலையே அடைப்பான்.

காலையில் பூச்சு போடுவது

நடுப்பகலில் போடக் கூடாது என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் காலை 7 மணிக்கே ஆரம்பித்துவிடுகிறார்கள், அதுவும் தவறு. காலையில் ஸ்லாப் சூடாகிக்கொண்டே போகிறது. கான்கிரீட்டின் நுண்துளைகளில் உள்ள காற்று விரிந்து, ஈரப் பூச்சைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். மறுநாள் பார்த்தால் குண்டூசி முனை அளவில் நூற்றுக்கணக்கான துளைகளும் ஆங்காங்கே கொப்புளமும் இருக்கும். முதல் பூச்சைப் பிற்பகல் சாய்ந்து ஸ்லாப் ஆறத் தொடங்கியதும் போடுங்கள். அப்போது துளைகள் பூச்சை உள்ளே இழுக்கும். ஆரம்பிக்கும் முன் புளோயரால் ஊதி, கறுப்புத் துணியால் ஒருமுறை தேய்த்துப் பாருங்கள். துணியில் வெளிறிய தடம் விழுந்தால் இன்னும் ஊத வேண்டும். காலையில் ஊதிய தரை மாலைக்குள் மறுபடி புழுதி பிடித்திருக்கும்.

எக்ஸ்.பி.எஸ். கட்டுகளைக் கறுப்புத் தார்ப்பாயால் மூடுவது

75 டிகிரிக்கு மேல் பலகை நெளியும். வெளிர் நிறத் தார்ப்பாய். விரித்த பலகையை எடை வைக்காமல் ஓர் இரவும் விடாதீர்கள், புயல் அடித்தால் பக்கத்து மாடியில்தான் பொறுக்க வேண்டும்.

தொட்டி மேடையைப் பிறகு யோசிப்பது

தண்ணீர்த் தொட்டி, ஏ.சி. யூனிட், சோலார் கால் எல்லாவற்றுக்கும் மேடையை ஸ்லாபோடு சேர்த்தே வார்த்து, ஷீட்டை அதன்மேல் 15 செ.மீ. ஏற்றி முடியுங்கள். ஓடு பதித்த பிறகு துளையிட வருபவரை ஏணியிலேயே நிறுத்திவிடுங்கள்.