மீட்டரை நாமே படித்து கரண்ட் பில்லைச் சரிபார்ப்பது எப்படி?

பில்லில் அச்சிட்டிருக்கும் ரீடிங்கைவிட மீட்டரில் இன்றைக்குத் தெரியும் எண் கூடுதலாக இருந்தால் பில் சரியென்று பலரும் முடிவு செய்துவிடுகிறார்கள். அது அரைகுறைச் சோதனை. பில் கைக்கு வருவதற்குள் சில நாள் ஓடிவிடும், மீட்டரும் ஓடியிருக்கும். இருபது, முப்பது யூனிட் தவறாகக் கூட்டி எழுதியிருந்தாலும் அந்த இடைவெளி தவறை மூடிவிடும். என் வீட்டு பில்லில் இப்படி ஒன்று நடந்தது. அதைக் கண்டுபிடித்த முறையைத்தான் இங்கே படிப்படியாக எழுதியிருக்கிறேன். வீட்டு மின்சார டிஜிட்டல் மீட்டரை மனதில் வைத்து எழுதியது இது.

1. அது உங்கள் மீட்டர்தானா?

பல வீடுகளின் மீட்டர்கள் ஒரே பலகையில் வரிசையாக இருந்தால் முதலில் இதைப் பாருங்கள். மீட்டரின் முகப்பில் உள்ள வரிசை எண்ணும் பில்லில் உள்ள மீட்டர் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். பிறகு வீட்டுக்குள் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு வந்து, மீட்டரில் மினுக்கும் சிறிய சிவப்பு விளக்கைப் பாருங்கள். உங்கள் மீட்டரில் அது மினுக்குவதை நிறுத்திவிடும். சிலவற்றில் அணையாமல் அப்படியே எரிந்துகொண்டிருக்கும். உங்கள் மெயினை அணைத்தபோது பக்கத்து மீட்டர் நின்றுபோனால், வேறொருவர் செலவுக்கு நீங்கள் பணம் கட்டுகிறீர்கள். அதற்கு மேல் ரீடிங்கைப் பார்த்துப் பயனில்லை, நேரே மின் அலுவலகத்துக்கு எழுதுங்கள்.

2. ஓடும் திரையில் எந்த எண்?

பெரும்பாலானோர் தடுமாறும் இடம் இது. டிஜிட்டல் மீட்டரின் திரை ஒரே எண்ணில் நிற்காது. சில நொடிக்கு ஒருமுறை மாறும், அல்லது பொத்தானை அழுத்தினால் மாறும். தேதி, மணி, வோல்டேஜ், கரண்ட் என்று வரிசையாக ஓடும். நமக்கு வேண்டியது `kWh` என்று பக்கத்தில் காட்டும் எண். ஒரு `kWh` என்றால் ஒரு யூனிட்.

ஏமாற்றக்கூடிய எண்கள் மூன்று. முதலாவது `kW`. இதில் `h` இருக்காது. இந்த நேரத்தில் எவ்வளவு லோடு ஓடுகிறது என்றோ, இதுவரை பதிவான அதிகபட்ச லோடு எவ்வளவு என்றோ காட்டுவது. பெரும்பாலும் சிறிய எண்ணாக இருப்பதால் எளிதில் பிரித்துவிடலாம். இரண்டாவது `kVAh`. இது `kWh`-க்கு மிக நெருக்கமாக, கொஞ்சம் கூடுதலாக இருக்கும், அதனால் அவசரத்தில் இதைக் குறித்துக்கொள்வது எளிது. உங்கள் பில் எந்த அலகில் போடப்படுகிறது என்று பில்லிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவதுதான் உண்மையான சிக்கல். பல மீட்டர்கள் முந்தைய மாதக் கணக்கு முடிந்தபோது இருந்த ரீடிங்கையும் சேமித்து வைத்து, அதையும் `kWh` என்றே காட்டும். ஒரே அலகு, ஏறக்குறைய ஒரே அளவு எண். எது ஓடுகிற எண், எது நின்ற எண் என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஆனால் சோதித்துவிடலாம். இரண்டு `kWh` எண்களையும் குறித்துக்கொண்டு, தண்ணீர் சூடாக்கும் ஹீட்டர் போல அதிகம் இழுக்கும் ஒன்றைக் கால் மணி நேரம் ஓடவிட்டு மறுபடி பாருங்கள். நகர்ந்திருப்பது எதுவோ அதுதான் இன்றைய ரீடிங். திரையில் அதன் வரிசை எத்தனையாவது, பக்கத்தில் என்ன குறி தெரிகிறது என்று ஒருமுறை எழுதி வைத்துக்கொண்டால் இந்தச் சோதனை இனி வேண்டாம்.

தசமப் புள்ளியைக் கவனியுங்கள். திரையில் 8341.6 என்று இருந்தால் பில்லில் பெரும்பாலும் 8341 என்றுதான் வரும். புள்ளி மங்கலாகத் தெரிந்து 83416 என்று படித்துவிட்டால் ரீடிங் பத்து மடங்காகிவிடும். சக்கரம் சுழலும் பழைய மீட்டர்களில் கடைசி எண் வேறு நிறத்தில் இருந்தால் அதுதான் தசம இடம், அதை விட்டுவிடுங்கள்.

3. படம் எடுங்கள், தேதியோடு

இதற்கென்று தனி ஆப் எதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். ஃபோனில் ஒரு படமும், ஒரு நோட்டில் தேதி, மணி, ரீடிங் என்ற ஒரு வரியும் போதும். மீட்டர் எண்ணும் ரீடிங்கும் ஒரே படத்தில் விழ வேண்டும். ரீடிங் மட்டும் இருக்கும் படம் யாருடைய மீட்டராகவும் இருக்கலாம். ஃப்ளாஷ் போட்டால் கண்ணாடியில் பளிச்சென்று அடித்து எண்ணை மறைக்கும். கொஞ்சம் சாய்வாக நின்று, ஃப்ளாஷ் இல்லாமல் எடுங்கள்.

எப்போது எடுப்பது என்பதுதான் முக்கியம். ரீடிங் எடுக்க வரும் நாளுக்குச் சில நாள் முன்னால் ஒன்று, சில நாள் பின்னால் ஒன்று. வழக்கமாக எந்தத் தேதியை ஒட்டி வருவார்கள் என்று பழைய பில்களைப் பார்த்தால் தெரியும். பில்லின் ரீடிங் உங்கள் இரண்டு ரீடிங்குகளுக்கு நடுவே மாட்டிக்கொள்ள வேண்டும்.

4. கணக்கு

என் பில்லையே எடுத்துக்கொள்வோம். முந்தைய ரீடிங் 8126. தற்போதைய ரீடிங் 8388, எடுத்த நாள் 5ஆம் தேதி. யூனிட் 262. கழித்தல் சரி. அலுவலகத்துக்குப் போனால் முதலில் கழித்தலைத்தான் பார்ப்பார்கள், அதில் குறை கிடையாது.

என் படங்களில் 1ஆம் தேதி 8341.6, 10ஆம் தேதி 8391.4. இரண்டும் காலை ஏறக்குறைய ஒரே நேரத்தில் எடுத்தவை. பில்லின் 8388 இந்த இரண்டுக்கும் நடுவேதான் இருக்கிறது. மேலோட்டமாகப் பார்த்தால் பிழையே இல்லை.

இப்போது நாள் வாரியாகப் பிரியுங்கள். 9 நாளில் ஓடியது 49.8 யூனிட், அதாவது நாளுக்கு சுமார் 5.5. அந்த வேகத்தில் 5ஆம் தேதி மீட்டர் ஏறக்குறைய 8364-இல் இருந்திருக்க வேண்டும். பில் சொல்வது 8388. அது உண்மையென்றால் முதல் 4 நாளில் 46 யூனிட்டும், அடுத்த 5 நாளில் வெறும் 3.4 யூனிட்டும் செலவாகியிருக்க வேண்டும். ஃப்ரிட்ஜும் மின்விசிறிகளும் எப்போதும்போல் ஓடிய வீட்டில் அது நடக்காது.

எவ்வளவு வித்தியாசம் வரை பொறுத்துக்கொள்ளலாம்? எல்லா நாளும் ஒரே அளவு செலவாகாது. ஒன்றிரண்டு நாள் செலவுக்கு உட்பட்ட வித்தியாசத்தை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. இங்கே இருந்தது 24 யூனிட், நாலு நாள் செலவுக்கும் மேல்.

அடுத்து, எந்த இலக்கம் பிசகியிருக்கும் என்று பாருங்கள். திரையில் எண்கள் ஏழு சிறு கோடுகளால் ஆனவை. 6-க்கும் 8-க்கும் நடுவே ஒரே ஒரு கோடுதான் வித்தியாசம், 8-க்கும் 9-க்கும் அப்படியே. 8388-இல் பத்தாம் இடத்து 8-ஐ 6 ஆக்கினால் 8368. நம் கணக்கு சொன்ன 8364-க்கு இது பொருந்துகிறது. இரண்டு படங்களையும் இந்தக் கணக்கையும் சேர்த்து அனுப்பினேன். ரீடிங் எடுத்தவர் எடுத்திருந்த படம் அவர்களிடமே இருந்தது. அதைப் பார்த்து 8368 என்று திருத்தினார்கள். யூனிட் 262 போய் 242 ஆனது.

"அடுத்த பில்லில் தானாகச் சரியாகிவிடும்" என்று உங்களிடம் சொல்லலாம். யூனிட் கணக்கில் அது உண்மைதான், இப்போது கூடுதலாக எழுதிய 20 அடுத்த முறை குறைந்துவிடும். ஆனால் யூனிட் கூடக்கூட விலையும் கூடும் அடுக்கு முறை இருந்தால் பணம் சரியாகாது. 250 யூனிட்டுக்கு மேல் விலை ஏறும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 262 அந்தக் கோட்டைத் தாண்டுகிறது, 242 தாண்டாது. உயர்ந்த விலையில் இப்போது கட்டியது, அடுத்த முறை குறைந்த விலை யூனிட்டாகத்தான் கழியக்கூடும். அதனால் அந்த பில்லிலேயே திருத்தச் சொல்லுங்கள்.

குறைத்து எழுதியிருந்தாலும் சந்தோஷப்பட ஒன்றுமில்லை. விட்டுப்போன யூனிட் மொத்தமும் பிறகு ஒரே பில்லில் சேர்ந்து வந்து மேல் அடுக்கில் விழும். கதவு பூட்டியிருந்தது, சராசரி, மதிப்பீடு என்று பில்லில் குறித்திருந்தால் அந்த எண் மீட்டரில் பார்த்ததே அல்ல. தொடர்ந்து ஒரே அளவு யூனிட் வந்தாலும் சந்தேகப்படுங்கள்.

5. மீட்டரே வேகமாக ஓடுகிறதா?

ரீடிங் சரி, ஆனாலும் செலவு நம்ப முடியவில்லை என்றால் மட்டும் இது. மீட்டரின் முகப்பில் `3200 imp/kWh` என்பது போல ஒன்று அச்சிட்டிருக்கும். சிவப்பு விளக்கு 3200 முறை மினுக்கினால் ஒரு யூனிட் என்று பொருள். மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, வாட் தெரிந்த ஒரு ஹீட்டரை மட்டும் போட்டு, ஒரு நிமிடத்தில் எத்தனை மினுக்கல் என்று எண்ணுங்கள். வீடியோ எடுத்து மெதுவாக ஓட்டி எண்ணுவது எனக்குப் பிடித்த வழி.

```
kW = 3600 × மினுக்கல் ÷ (imp எண் × நொடி)
```

1500 வாட் ஹீட்டருக்கு 60 நொடியில் 81 மினுக்கல் வந்தால், 3600 × 81 ÷ (3200 × 60) = 1.52. மீட்டர் நன்றாக இருக்கிறது. இஸ்திரிப் பெட்டியை இதற்குப் பயன்படுத்தாதீர்கள், சூடானதும் தானாக நின்று நின்று ஓடும். ஹீட்டர் எவ்வளவு இழுக்கும் என்பது வோல்டேஜைப் பொறுத்தும் மாறும். வோல்டேஜ் 5 சதவீதம் குறைந்தால் ஹீட்டர் இழுப்பது சுமார் 10 சதவீதம் குறையும். ஆகவே இது பெரிய கோளாறை மட்டுமே காட்டும். நூற்றுக்கு இரண்டு, மூன்று என்ற அளவு பிழையைக் கண்டுபிடிக்க முறையான மீட்டர் சோதனைக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும். மீட்டரின் சீலை நீங்கள் தொடக் கூடாது.

பின்சேர்க்கை (கருத்துகளில் வந்தவை)

ஒருவர் கழித்துப் பார்த்தால் 40 வருகிறது, பில்லில் 800 யூனிட் என்கிறது என்று கேட்டிருந்தார். பில்லில் பெருக்கு எண் என்று ஒன்று இருக்கிறதா பாருங்கள். பெரிய இணைப்புகளில் மீட்டர் முழு கரண்டையும் நேரடியாக அளப்பதில்லை, குறைத்து அளந்துவிட்டுப் பிறகு பெருக்குவார்கள். 40 × 20 = 800. வீட்டு இணைப்பில் அது 1 ஆகத்தான் இருக்க வேண்டும்.

புது ரீடிங் பழையதைவிடச் சிறியது என்றால், ஐந்து இலக்க மீட்டர் சுற்று முடித்திருக்கலாம். பழையது 99987, புதியது 00041 என்றால் 13 + 41 = 54 யூனிட்.

மீட்டரை மாற்றிய மாதத்தில் கணக்கு இரண்டு துண்டாக வரும்: பழைய மீட்டரின் கடைசி ரீடிங் வரை ஒன்று, புதிய மீட்டரின் தொடக்க ரீடிங்கிலிருந்து இன்னொன்று. புதியது பூஜ்ஜியத்தில் தொடங்கும் என்று எண்ண வேண்டாம், சோதனையில் ஓடிய சில யூனிட் அதில் இருக்கலாம். பழையதைக் கழற்றிக்கொண்டு போய்விட்டால் அதன் கடைசி எண்ணை நீங்கள் பார்க்க வழியில்லை. அதனால் கழற்றுமுன் ஒரு படம், புதியதை மாட்டியதும் ஒரு படம் எடுத்துவிடுங்கள்.