நெட்வொர்க் இன்ஜினியர் ரெஸ்யூமேவை வேலை அறிவிப்போடு ஒப்பிடுவது எப்படி?

அறிவிப்பில் மூன்று விஷயங்கள் கேட்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம்: பிஜிபி ரவுட்டிங், ஃபோர்டிகேட் ஃபயர்வால், சிஸ்கோவின் சிசிஎன்பி சான்றிதழ். சொற்களைத் தேடிப் பொருத்தும் மென்பொருளை நான் இதற்குப் பயன்படுத்துவதில்லை. மூன்று சொற்களும் இருந்தால் அது முழு மதிப்பெண் போட்டுவிடும். ஒரு தாளில் மூன்று கட்டம் போட்டு, ஒவ்வொன்றுக்கும் ஆதாரமான வரியை ரெஸ்யூமேயிலிருந்து அப்படியே எடுத்து எழுதுங்கள்.

படி 1: ரவுட்டிங்

அதிக நேரம் இங்கேதான் செலவாக வேண்டும். ஒருவர் "பிஜிபி கான்ஃபிகர் செய்தேன்" என்று எழுதியிருக்கிறார். ஒரே இணைய நிறுவனத்திடம் டிஃபால்ட் ரூட் மட்டும் வாங்கியிருந்தாலும் அப்படி எழுதலாம், அதற்குச் சில வரி கான்ஃபிகரேஷன் போதும். இன்னொருவர் எழுதியது இது: "இரண்டு இணைய இணைப்புகள். வெளியே போகும் டிராஃபிக்கை லோக்கல் பிரிஃபரன்ஸ் வைத்து முதல் இணைப்பில் அனுப்பினேன். உள்ளே வருவதற்கு, இரண்டாவது இணைப்பில் ஏஎஸ் பாத்தை நீட்டி விளம்பரித்தேன்."

இரண்டாமவர் கையால் செய்தவர் என்று நம்ப இடமிருக்கிறது. லோக்கல் பிரிஃபரன்ஸ் நம் ஏஎஸ்ஸுக்குள், அதாவது நம் நிர்வாகத்தில் இருக்கும் நெட்வொர்க்குக்குள் மட்டுமே செல்லும், அதனால் நாம் எந்த வழியில் வெளியேறுவது என்பதைத்தான் அது தீர்மானிக்கும். உள்ளே வரும் டிராஃபிக் அடுத்தவர் முடிவு. பாத்தை நீட்டினால் அவர்கள் வேறு வழியை விரும்ப வாய்ப்பு கூடும், கட்டாயம் கிடையாது. "லோக்கல் பிரிஃபரன்ஸ் வைத்து உள்ளே வரும் டிராஃபிக்கைத் திருப்பினேன்" என்று இருந்தால் அதை அடிக்கோடிட்டு நேர்காணலில் கேளுங்கள்.

படி 2: ஃபயர்வால்

"ஃபயர்வால் நிர்வகித்தேன்" என்பது டிக்கெட் வந்ததும் ஒரு ரூல் சேர்ப்பதாகவும் இருக்கலாம். ஐபிசெக் விபிஎன், நேட், ஒன்று பழுதானால் இன்னொன்று ஏற்கும் ஹெச்ஏ ஜோடியை அப்கிரேடு செய்தது என்று ஏதாவது ஒன்று விவரமாக இருக்கிறதா பாருங்கள்.

படி 3: சான்றிதழ்

பலர் தடுக்கி விழுவது இங்கே. சிஸ்கோ 2020 பிப்ரவரியில் தேர்வுகளை மாற்றியது. சிசிஎன்பி என்டர்பிரைஸ் பெற, 350-401 என்கோர் என்ற முதன்மைத் தேர்வோடு விருப்பத் தேர்வு ஒன்றிலும் தேற வேண்டும். என்கோர் மட்டும் முடித்தவருக்கு ஸ்பெஷலிஸ்ட் சான்றுதான், சிசிஎன்பி அல்ல. "சிசிஎன்பி (என்கோர்)" என்று எழுதியிருந்தால் பொய் என்று தள்ளிவிட வேண்டாம், இரண்டாவது தேர்வு எது என்று கேட்டாலே தெரிந்துவிடும். செல்லுபடி 3 ஆண்டு, ஆகவே தேதியும் அவசியம்.

பின்சேர்க்கை: வேறு நிறுவன ஃபயர்வாலில் வேலை செய்தவரை என்ன செய்வது என்று வாசகர்கள் கேட்டிருந்தார்கள். நான் தள்ளமாட்டேன். ரூல்கள் மேலிருந்து கீழாகப் பார்க்கப்படும், முதலில் பொருந்துவது செயல்படும் என்ற அடிப்படை பெரும்பாலானவற்றில் ஒன்றுதான். மெனு பழகக் கொஞ்ச நாள் ஆகும். ஆனால் சேர்ந்த அன்றே தனியாகப் பொறுப்பேற்க வேண்டிய பணி என்றால், அந்தக் கட்டத்தைக் காலியாகவே விடுங்கள்.