கோடைக் கல்யாணத்துக்கு மேக்கப் பொருள் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மணப்பெண் அலங்காரத் தொழிலுக்குப் புதிதாக வரும் பெண்களின் பெட்டியைத் திறந்தால், செய்யக்கூடாத அதே செலவுதான் ஒவ்வொரு முறையும் கண்ணில் படுகிறது. நீர் படாத கண்மை வேண்டும் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும்; அதை விட்டுவிடுகிறேன்.

பாதிப் பணத்துக்கு மேல் ஃபவுண்டேஷனுக்கு

இன்றும் எனக்கு எரிச்சல் மூட்டும் தவறு இதுதான். மதுரையில் மே மாத முகூர்த்தம் ஒன்று. மொத்தம் 5,000 ரூபாயில் 3,500 ரூபாயை ஒரே ஃபவுண்டேஷன் பாட்டிலுக்குக் கொடுத்திருந்தார்கள். அடியில் பூச, கையில் கிடைத்த ஏதோ ஒரு பிரைமர். ஓமம் வளர்த்துச் சிறிது நேரத்தில் மூக்கோரத்தில் மேக்கப் திட்டுத் திட்டாகப் பிரிந்தது. அழிப்பான் தூள் போலச் சுருண்டு உதிர்ந்தது. அவசரத்தில் யாரோ வியர்வை மேலேயே பவுடரை அப்ப, அது மாவாகக் கட்டிக்கொண்டது.

ஃபவுண்டேஷன் மட்டமானதல்ல. பிரைமர் சிலிக்கோன் வகை, ஃபவுண்டேஷன் நீர் வகை, இரண்டும் ஒட்டவில்லை. பொருட்பட்டியலில் டைமெத்திகோன் போன்ற பெயர்கள் முதல் சில இடங்களிலேயே இருந்தால் பெரும்பாலும் சிலிக்கோன் வகைதான். பட்டியல் புரியாவிட்டால் இரண்டிலும் ஒரு சொட்டு எடுத்துப் புறங்கையில் குழைத்துப் பாருங்கள். திரிந்த பால் போலப் பிரிந்தால் அந்த ஜோடி வேண்டாம். சன்ஸ்கிரீனையும் இப்படியே சோதியுங்கள். அதைப் பூசியபின் பத்து நிமிடமாவது பொறுத்து, ஒட்டும் தன்மை போனபிறகே அடுத்த பூச்சு.

முழு பாட்டிலும் தேவையில்லை. முகத்துக்கும் கழுத்துக்கும் ஒருமுறை பூச இரண்டு, மூன்று மில்லி போதும். சிறிய அளவில் கிடைத்தால் அதையே வாங்குங்கள். 5,000 ரூபாயில் 1,500க்கு மேல் இதற்குப் போகக்கூடாது என்பேன். மிச்சத்தில் எடையற்ற ஜெல் மாய்ஸ்சரைசர், சன்ஸ்கிரீன், நல்ல பவுடர், செட்டிங் ஸ்பிரே வாங்கலாம். வெயிலில் மேக்கப்பை நிறுத்திவைப்பது இவைதான். வாங்கியதைப் பூசிக்கொண்டு ஒருநாள் மதியம் இரண்டு மணி நேரம் அடுப்படியில் வேலை பாருங்கள். எங்கே பிரிகிறது என்று அப்போதே தெரிந்துவிடும்.

கடைசி வாரத்தில் புதிய ஃபேஷியல், ப்ளீச்

வேண்டவே வேண்டாம்.

நலங்கு மஞ்சளை மறப்பது

முதல்நாள் பூசிய மஞ்சள் தோலில் தங்கிவிட்டால், ஒரு மாதத்துக்கு முன் தாடையோரத்தில் பார்த்துத் தேர்ந்தெடுத்த நிறம் மறுநாள் பொருந்தாது. சோப்பால் தேய்த்தால் மஞ்சள் எளிதில் போகாது, தோல்தான் எரியும். அது எண்ணெயில் கரையும். பஞ்சில் சிறிது தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்து, பிறகு மென்மையான ஃபேஸ்வாஷால் கழுவச் சொல்லுங்கள். நலங்கு வைப்பவர்களிடம் முகத்துக்கு மட்டும் குறைவாகப் பூசும்படி முன்பே கேட்டுக்கொள்வது இன்னும் நல்லது.

பெட்டியை வெயிலில் நிற்கும் காரில் வைப்பது

லிப்ஸ்டிக் உருகும்.

மேடைக்குப் பவுடர் மட்டும் எடுத்துப்போவது

டிஷ்யூ தாள்தான் முதலில். தேய்க்காமல் ஒற்றி வியர்வையை எடுத்தபிறகே பவுடர், அதுவும் நெற்றியிலும் மூக்கிலும் மட்டும். இதைத் தோழிப் பெண்ணிடம் முதல்நாளே செய்துகாட்டுங்கள். தாலி கட்டும் நேரத்தில் மணமகளுக்குப் பக்கத்தில் நிற்பவள் அவள்தான்.