தீயிலிருந்து தப்பியவரின் குரல் கம்மினால்: புகையைச் சுவாசித்த பின் நடக்கும் தவறுகள்

ஒருவரை எடுத்துக்கொள்வோம். வயது நாற்பது. இரவு இரண்டு மணிக்குப் படுக்கையறை மெத்தையில் தீப்பிடித்து, கதவு சாத்திய அறைக்குள் சில நிமிடங்கள் புகையில் மாட்டிக்கொண்டு வெளியே வருகிறார். மீசை ஓரம் கருகியிருக்கிறது, கன்னத்தில் லேசான சிவப்பு, வேறு காயம் இல்லை. இருமித் துப்பினால் எச்சிலில் கரி வருகிறது. இரண்டரை மணிக்கெல்லாம் எழுந்து நடக்கிறார், பக்கத்து வீட்டுக்காரர்களிடம் நடந்ததைச் சொல்கிறார். குரல் மட்டும் கொஞ்சம் கரகரப்பாக இருக்கிறது. "கத்தினேன் இல்லையா, அதனால் தொண்டை கட்டிக்கொண்டது" என்கிறார்.

எல்லாரும் நிம்மதியாகிற இந்த இடத்தில்தான் முதல் தவறு நடக்கிறது. நன்றாகப் பேசுகிறார், மூச்சுத் திணறவில்லை, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுக்கச் சொல்லிவிடுகிறார்கள். ஆனால் புகையால் தொண்டைக்கு வந்த காயத்தை முதல் ஒரு மணி நேரத்தை வைத்து எடை போட முடியாது. வீக்கம் இன்னும் முழுதாக வரவில்லை.

ஏன் தாமதமாக வருகிறது? தீப்பிடித்த அறையின் சூடான காற்றை இழுக்கும்போது, அந்தச் சூட்டின் பெரும்பகுதியை வாயும் மூக்கும் தொண்டையும் வாங்கிக்கொள்கின்றன. அதனால் சூட்டுக் காயம் பெரும்பாலும் குரல் நாண்களுக்கு மேலேயே நின்றுவிடும். நீராவி மட்டும் விதிவிலக்கு, அது இன்னும் கீழே போய்ச் சுடும். நுரையீரலைக் கெடுப்பது புகையில் உள்ள எரிச்சலூட்டும் வேதிப்பொருள்கள். சூடுபட்ட தொண்டையின் ஈரமான உள்தோலுக்கு அடியில் நுண்ணிய ரத்தக்குழாய்கள் இருக்கின்றன. சூடு பட்டதும் அழற்சி தொடங்கி அவற்றின் சுவர்கள் கசிய ஆரம்பிக்கின்றன. ரத்தத்திலுள்ள நீர் மெல்ல மெல்ல வெளியேறி, குரல்வளை மூடியைச் சுற்றியுள்ள தளர்வான திசுக்களில் தேங்குகிறது. கசிந்து தேங்குவது நொடியில் முடிகிற வேலை இல்லை. சிலருக்குச் சில மணி நேரத்திலேயே தெரியும், பொதுவாக 12 முதல் 24 மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போகும், சிலருக்கு அதற்குப் பிறகும் கூடும். உடலில் பெரிய தீக்காயமும் இருந்தால் லிட்டர் கணக்கில் ட்ரிப்ஸ் ஏற்ற வேண்டியிருக்கும். அது உயிர்காக்கும் சிகிச்சைதான், ஆனால் அதே நீர் தொண்டையிலும் கசிந்து வீக்கத்தைக் கூட்டும். மருத்துவமனைக்கு வரும்போது தெளிவாகப் பேசியவர் சில மணி நேரத்தில் மோசமாவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, கொஞ்சம் வீங்கினால் என்ன? மூச்சுப்பாதையின் குறுக்களவு 8 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். சுற்றிலும் 1 மில்லிமீட்டர் வீங்கினால் 6 மில்லிமீட்டர் மிஞ்சும், காற்று போகும் பரப்பு கிட்டத்தட்ட பாதியாகிவிடும். ஒரு சிறு குழந்தைக்கு அது 4 மில்லிமீட்டர்தான் என்றால், அதே 1 மில்லிமீட்டர் வீக்கம் பரப்பில் முக்கால் பங்கை எடுத்துக்கொள்ளும். குழந்தை தனக்கு என்ன செய்கிறது என்று சொல்லவும் தெரியாமல் அழும். அதனால் தீயில் இருந்த குழந்தையின் அழுகைக் குரல் மாறினால் ஒரு நிமிடம்கூடக் காத்திருக்கக் கூடாது.

குரல் கம்முவதைத் தொண்டை கட்டாக நினைப்பது அடுத்த தவறு. குரல் நாண்களும் அவற்றைச் சுற்றிய பகுதியும் வீங்கத் தொடங்கினாலே குரல் மாறும். கத்தியதால் கம்மிய குரலும் வீக்கத்தால் கம்மிய குரலும் காதுக்கு ஒன்றுபோலத்தான் கேட்கும், வீட்டில் பிரித்துப் பார்க்க வழியில்லை. இந்த நேரத்தில் தேன், வெந்நீர், பால் எதுவும் தர வேண்டாம். வீக்கத்தை அவை குறைக்காது, விழுங்கும்போது புரையேறலாம். பிறகு தொண்டையில் குழாய் வைக்க நேர்ந்தால் வயிற்றில் இருப்பது வாந்தியாக மேலேறி நுரையீரலுக்குள் போகும் ஆபத்தும் உண்டு. கிடத்தவும் வேண்டாம். நினைவோடு இருந்து, முதுகில் அடிபட்டிருக்கும் சந்தேகம் இல்லை என்றால் நிமிர்ந்து உட்கார வையுங்கள்.

மூச்சை உள்ளே இழுக்கும்போது கீச்சென்று சத்தம் வந்தால்தான் ஆபத்து என்று சிலர் காத்திருப்பார்கள். அந்தச் சத்தம் பாதை ஏற்கெனவே நன்றாகக் குறுகிவிட்டதன் அடையாளம். அது கேட்கும்போது கையில் மிச்சமிருக்கும் நேரம் குறைவு.

விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரை நம்பி நிம்மதியாவதும் பெரிய தவறு. நாம் சொன்னவருக்கு அதில் 99 என்று காட்டலாம். புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கும், அது ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொள்ளும். சாதாரண ஆக்சிமீட்டருக்கு இரண்டையும் பிரித்தறியத் தெரியாது, இரண்டையும் ஆக்சிஜனாகவே எண்ணிக் காட்டும். உண்மை நிலை தெரிய, கார்பன் மோனாக்சைடைத் தனியாக அளக்கும் ரத்தப் பரிசோதனை வேண்டும். அதற்காகக் காத்திருக்காமல் முகமூடி வழியே அதிக அளவு ஆக்சிஜன் தொடங்கிவிட வேண்டும். சாதாரணக் காற்றில் அந்த வாயுவின் அளவு பாதியாகக் குறையவே 4 முதல் 5 மணி நேரம் ஆகும், தூய ஆக்சிஜனில் சுமார் ஒன்று, ஒன்றரை மணி நேரம் போதும். இன்னொன்று, ஆக்சிமீட்டர் எண் சரியாகவே இருந்தாலும் தொண்டை எவ்வளவு வீங்கியிருக்கிறது என்று அது சொல்லாது. முதல் நாள் எடுக்கும் மார்பு எக்ஸ்ரேயும் அப்படித்தான், பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும்.

இப்போது நம் ஆளிடம் திரும்புவோம். அவர் மூன்று மணிக்கு மருத்துவமனைக்குப் போகிறார். வாயில் கரி இருக்கிறது என்பதற்காகவே உடனே குழாய் வைத்துவிட மாட்டார்கள், வைக்கவும் கூடாது. கரி, புகை உள்ளே போனதற்கான சாட்சி, அவ்வளவுதான். தேவையில்லாத குழாயும் தீங்கு செய்யும். ஆனால் மூடிய அறை, கரி, கருகிய மீசை, கம்மிய குரல் நான்கும் ஒருவரிடமே சேர்ந்தால் கதை வேறு. மூக்கு வழியே மெல்லிய கேமராக் குழாயை விட்டுக் குரல்வளையை நேரில் பார்ப்பார்கள். சுத்தமாக இருந்தால் கண்காணித்து, சில மணி நேரம் கழித்து மறுபடி பார்ப்பார்கள். சிவந்து தடித்திருந்தால், குரல் இன்னும் கம்மிக்கொண்டே போனால், மூச்சு நன்றாக இருக்கும்போதே மயக்கம் கொடுத்துக் குழாய் வைப்பார்கள்.

"பேசிக்கொண்டிருக்கிறாரே, எதற்கு வென்டிலேட்டர்?" என்று குடும்பத்தார் மறுப்பதை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. ஆனாலும் அந்த மறுப்பு உயிருக்கே ஆபத்தாக முடியலாம். இப்போது குரல் நாண்கள் கண்ணுக்குத் தெரிகின்றன, குழாய் சுலபமாகப் போகும். ஐந்து மணி நேரம் கழித்து எல்லாம் வீங்கி உருத்தெரியாமல் போனால், கைதேர்ந்தவருக்கும் வழி கிடைக்காமல் கழுத்தைக் கீறித் துளையிட வேண்டி வரலாம். வீக்கம் வடிய சில நாள் ஆகும், வடிந்ததும் குழாயை எடுத்துவிடுவார்கள். ஸ்டிராய்டு ஊசி போட்டு வீக்கத்தை அடக்கிவிடலாம் என்பதையும் நம்ப வேண்டாம், புகைக் காயத்துக்கு அதனால் பலன் இருப்பதாக நிரூபணம் இல்லை.

அழைத்துப் போகிறவர் மருத்துவரிடம் மறக்காமல் சொல்ல வேண்டியவை: அறை மூடியிருந்ததா, உள்ளே எவ்வளவு நேரம் இருந்தார், நினைவு தப்பியதா, குரல் எப்போது மாறியது, என்ன எரிந்தது. கடைசியதை யாரும் சொல்வதில்லை. மெத்தை ஃபோம், சில வகை பிளாஸ்டிக் போன்றவை எரிந்தால் சயனைடு வாயுவும் வரும். அதற்குத் தனி மாற்று மருந்து இருக்கிறது. குழப்பமாகவோ மயக்கமாகவோ இருப்பவருக்கு அதைத் தர வேண்டுமா என்று முடிவு செய்ய இந்தத் தகவல் உதவும். பரிசோதித்து வீட்டுக்கு அனுப்பிவிட்டாலும், அடுத்த இரண்டு மூன்று நாளில் குரல் மாற்றம், எச்சில் விழுங்க முடியாமை, மூச்சுவாங்கல், கரியோடு சளி இவற்றில் எது வந்தாலும் இரவானாலும் உடனே திரும்பப் போக வேண்டும். நுரையீரலில் வேதிப்பொருள் செய்த காயம் அந்த நாள்களில்தான் வெளியே தெரிய ஆரம்பிக்கும்.