கர்ப்பகாலச் சர்க்கரை: உணவு அட்டவணை வீட்டுக்கு வந்தபின் நடக்கும் தவறுகள்

75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடித்து, 2 மணி நேரம் கழித்து எடுத்த ரத்தத்தில் சர்க்கரை 140-ஐத் தொட்டுவிட்டால், ஆஸ்பத்திரியில் ஒரு உணவு அட்டவணையைக் கையில் கொடுத்து அனுப்புவார்கள். அதில் இருப்பது பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். வீட்டுக்கு வந்தபின் மாமியார் ஒன்று சொல்வார், பக்கத்து வீட்டு அக்கா ஒன்று சொல்வார், அட்டவணை ஃபிரிட்ஜ் கதவில் தொங்கிக்கொண்டிருக்கும்.

ஒரு உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். ஏழாவது மாதத்தில் இருக்கும் ஒரு பெண்ணின் நோட்டில் இப்படி இருக்கிறது: காலை வெறும் வயிற்றில் 88. காலை உணவுக்கு 2 மணி நேரம் கழித்து 162. மதியம் 116, இரவு 112. வெறும் வயிற்றில் 95-க்குக் கீழே, சாப்பிட்டு 2 மணி நேரத்தில் 120-க்குக் கீழே இருக்க வேண்டும் என்பது பொதுவான அளவு. ஆக, நான்கில் மூன்று சரியாக இருக்கின்றன. வீட்டில் என்ன செய்தார்கள் தெரியுமா? 162-ஐப் பார்த்துப் பயந்து இரவுச் சோற்றை நிறுத்திவிட்டார்கள். ஒழுங்காக இருந்த வேளையைக் குறைத்துவிட்டு, தகராறு செய்யும் வேளையை அப்படியே விட்டுவிட்டார்கள். நான் பார்க்கும் தவறுகளில் முதல் இடம் இதற்குத்தான். நோட்டில் எந்த வேளை ஏறியிருக்கிறதோ, அந்த வேளையின் தட்டை மட்டும் மாற்றுங்கள்.

பெரும்பாலும் அது காலை வேளையாகத்தான் இருக்கும். நஞ்சுக்கொடியிலிருந்து வரும் ஹார்மோன்கள் இன்சுலினின் வேலையைத் தடுக்கின்றன. விடியற்காலையில் உடம்பில் இயல்பாகவே ஏறும் கார்ட்டிசோலும் அதனுடன் சேர்ந்துகொள்கிறது. அதனால்தான் மதியம் சிக்கலில்லாமல் செரிக்கும் அதே அளவு மாவுச்சத்து, காலையில் சர்க்கரையைத் தூக்கிவிடுகிறது. நம் காலை உணவோ இட்லி, தோசை, பொங்கல், இடியாப்பம் என்று முழுக்க மாவு.

இந்தப் பெண் காலையில் சாப்பிட்டது 4 இட்லி, தேங்காய்ச் சட்னி, சர்க்கரை போட்ட காபி. மாற்றியது இவ்வளவுதான்: 2 இட்லி, பருப்பு தூக்கலாகப் போட்ட கெட்டிச் சாம்பார் ஒரு கிண்ணம், ஒரு வேகவைத்த முட்டை. முட்டை வேண்டாதவர்களுக்குப் பச்சைப்பயறு சுண்டலோ, பனீர்த் துண்டுகளோ போதும். காபியில் சர்க்கரை கிடையாது. சாப்பிட்டதும் வீட்டு வாசலில் 15 நிமிடம் மெதுவாக நடை. 2 மணி நேர அளவு 117-க்கு வந்தது. மீதி 2 இட்லியை இழந்ததாக நினைக்க வேண்டாம். ரீடிங் எடுத்த பிறகு, பதினொரு மணி வாக்கில் ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலும் மோரும். பசியும் அடங்கும், மதியம் தட்டில் சோறு மலையாகக் குவியாது.

அடுத்த தவறு, அரிசிதான் எதிரி என்று முடிவுகட்டி ராகிக் கஞ்சிக்கு மாறுவது. கேழ்வரகில் கால்சியம் நிறைய உண்டு, மறுப்பில்லை. ஆனால் மாவுச்சத்தில் அது அரிசிக்கு ரொம்பக் குறைந்ததல்ல. அதை மாவாக அரைத்து, கூழாகக் காய்ச்சி, டம்ளரில் ஊற்றிக் குடிக்கும்போது மெல்ல வேண்டிய வேலைகூட இல்லை, கடகடவென்று ரத்தத்தில் சேர்கிறது. அதே கேழ்வரகை முருங்கைக்கீரை போட்டு ஒரு அடையாகத் தட்டி, கூட்டோடு சாப்பிட்டால் மெதுவாக ஏறும். ஓட்ஸ் கஞ்சிக்கும் இதே கதைதான். அங்கன்வாடியில் தரும் சத்துமாவில் வெல்லம் சேர்ந்திருக்கும். தமிழக அரசின் ஊட்டச்சத்துப் பெட்டகத்தில் பேரீச்சம்பழம் வரும். கர்ப்பிணிகள் எல்லோருக்குமாகத் தயாரித்தவை அவை. சர்க்கரை வந்தவர், எவ்வளவு எடுக்கலாம் என்று கேட்டுவிட்டே தொட வேண்டும். ரத்தம் ஊற வேண்டும் என்று தினமும் ஒரு கை பேரீச்சம்பழம் சாப்பிட்டுவிட்டு, இட்லியைக் குறை சொல்லிப் பயனில்லை.

மதியத்துக்குத் தட்டில் பாதி காய் இருக்கட்டும்: அவரைக்காய்ப் பொரியல், கீரைக் கூட்டு, வெள்ளரிக்காய். கால்பங்கு சோறு, கால்பங்கு பருப்பு, மீன் அல்லது கோழி. உருளைக்கிழங்கை சோற்றுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். பழம் என்றால் ஒரு கொய்யா அல்லது சின்ன ஆரஞ்சு, கடித்துத் தின்னும்படி. ஜூஸ் வேண்டாம்.

இரவுச் சோற்றை நிறுத்தினால் என்ன கெட்டுப்போகும் என்று கேட்கலாம். ஏழு மணிக்கு ஒரு டம்ளர் பால் மட்டும் குடித்துவிட்டுப் படுத்தால், மறுநாள் காலை எட்டு மணி வரை உடம்புக்கு மாவுச்சத்தே கிடைக்காது. கர்ப்பத்தில் இந்த இடைவெளி சீக்கிரம் கீட்டோனில் போய் நிற்கும். கொழுப்பை எரிக்கும்போது உண்டாகும் பொருள் அது, சிறுநீர்ப் பரிசோதனையில் தெரிந்துவிடும். குழந்தைக்கு நல்லதல்ல. இரவு உணவுக்கு 2 சப்பாத்தியும் பருப்புக் கூட்டும், படுக்கப்போகும்முன் சர்க்கரை போடாத பாலுடன் ஒரு பிடி வேர்க்கடலையும் என்று வைத்துக்கொள்ளலாம். எடை குறைகிறது, காலையில் தலை சுற்றுகிறது என்றால் பட்டினி அதிகமாகிவிட்டதா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

சர்க்கரை பார்ப்பதில் நடக்கும் தவறுகள் சின்னவைதான், ஆனால் முடிவையே மாற்றிவிடும். 2 மணி நேரத்தை முதல் வாய் வைத்த நேரத்திலிருந்து எண்ண வேண்டும். 8 மணிக்கு உட்கார்ந்து 8.30-க்குக் கை கழுவினால், பார்க்க வேண்டியது 10 மணிக்கு. அரைமணி தள்ளிப் பார்த்தால் அளவு இறங்கியிருக்கும், எல்லாம் சரியாக இருப்பதுபோல் தோன்றும். மாம்பழம் நறுக்கிய கையோடு குத்தினால் விரலில் ஒட்டிய சர்க்கரையையும் சேர்த்துத்தான் மெஷின் காட்டும். சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து, விரல் நுனியின் பக்கவாட்டில் குத்துங்கள். அழுத்திப் பிழியாதீர்கள். ஸ்ட்ரிப் டப்பாவைத் திறந்தே வைத்தாலும், அடுப்பு மேடையில் வைத்தாலும் ஸ்ட்ரிப் கெட்டுவிடும்.

நோட்டில் எண்ணுக்குப் பக்கத்தில் என்ன சாப்பிட்டீர்கள் என்பதையும் எழுதுங்கள். "162" என்பதை வைத்து யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. "162, 4 இட்லி, காபி" என்றிருந்தால் எதை மாற்றுவது என்று உடனே தெரிந்துவிடும். செக்கப்புக்கு முந்தைய இரண்டு நாள் மட்டும் அரைவயிறு சாப்பிட்டு நல்ல எண்களாக எழுதிக் கொண்டுவருகிறவர்களும் இருக்கிறார்கள். அப்புறம் ஸ்கேனில் குழந்தையின் வயிற்றுச் சுற்றளவு கூடியிருப்பதைப் பார்த்து எல்லோரும் முழிக்க வேண்டியதுதான்.

வெறும் வயிற்று அளவு தொடர்ந்து 95-ஐத் தாண்டினால், தட்டில் தேடிக்கொண்டிருக்காதீர்கள். இரவெல்லாம் கல்லீரல் வெளிவிடும் சர்க்கரையை உணவு மாற்றத்தால் ஓரளவுக்குத்தான் அடக்க முடியும். இரண்டு வாரம் ஒழுங்காக உணவு முறையைப் பின்பற்றியும் இறங்காவிட்டால் மருந்தோ இன்சுலினோ தருவார்கள். எண்கள் ரொம்ப அதிகமாக இருந்தால் அதற்கு முன்பே தருவார்கள். ஊசி மூலம் போடும் இன்சுலின் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போகாது என்று தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும். ஊசி போட்டபின் உணவை மட்டும் தள்ளிப்போடக் கூடாது. கை நடுங்கி வியர்த்தால் உடனே பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் 3 ஸ்பூன் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, 15 நிமிடத்தில் மறுபடி பாருங்கள்.

பிரசவம் ஆனதும் அளவு பெரும்பாலும் இறங்கிவிடும், மெஷின் பரணுக்குப் போய்விடும். ஆனால் ஆறாவது வாரத்தில் மறுபடி அதே 75 கிராம் குளுக்கோஸ் பரிசோதனை இருக்கிறது. அதைச் செய்துகொள்ளாமல் விடுபவர்கள் நிறையப் பேர். குழந்தைக்கு ஆறாவது வாரத் தடுப்பூசி போடப் போகும் அன்றே, வெறும் வயிற்றில் போய் இதையும் முடித்துவிட்டு வாருங்கள்.